படிவம் 16 வரவில்லை, சம்பளச் சான்றிதழும் 26ஏஎஸ்ஸும் ஒத்துப்போகவில்லை. ரீஃபண்ட் உண்டா, இல்லையா?

வடுவூர்ப் பொண்ணு | 11 ஆகஸ்ட் 2025, இரவு 9:12

எல்லாருக்கும் வணக்கம். தஞ்சாவூரில் ஒரு தனியார் கம்பெனியில் மாதம் 85,000 சம்பளத்தில் இருந்தேன். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் 2024 டிசம்பர் கடைசியோடு வேலையை விட்டுவிட்டு மன்னார்குடிப் பக்கம் ஊருக்கே வந்துவிட்டேன். ஆக 2024-25 நிதியாண்டில் ஒன்பது மாதச் சம்பளம், 7,65,000. மாதாமாதம் 3,857 வரி பிடித்தார்கள். மொத்தம் 34,713. கம்பெனி லெட்டர்ஹெட்டில் ஒரு சம்பளச் சான்றிதழ் கொடுத்தார்கள், அதிலும் இதே தொகைதான் இருக்கிறது. படிவம் 16 கேட்டால் "அதுவும் இதுவும் ஒண்ணுதாம்மா" என்கிறார் அக்கவுண்டன்ட்.

வங்கியில் என் பெயரில் இரண்டு வைப்புத்தொகை இருக்கிறது. 4,00,000 ஒன்று, 2,75,000 ஒன்று, இரண்டுக்கும் 7.2 சதவீதம். வட்டிச் சான்றிதழில் 48,600 வட்டி, 4,860 டிடிஎஸ்.

இப்போது என் பான் எண்ணில் ஏறிய வரிப் பிடித்தத்தைக் காட்டும் 26ஏஎஸ் எடுத்துப் பார்த்தால் கம்பெனி பெயரில் 23,142 மட்டும்தான் இருக்கிறது. வங்கியின் 4,860 சரியாக இருக்கிறது. எனக்கு ரீஃபண்ட் வருமா? வந்தால் எவ்வளவு? புது வரி முறைதான்.

நாகை பென்ஷனர் | 11 ஆகஸ்ட், இரவு 9:40

எனக்கும் இதே கதைதான் மா. வட்டிக்கு வரி பிடிக்க வேண்டாம் என்று சொல்லும் 15எச் படிவத்தை ஜூலையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்குள் ஏப்ரல்-ஜூன் காலாண்டு வட்டிக்குப் பிடித்துவிட்டார்கள். திருப்பிக் கொடு என்றால் வங்கியில் கையை விரிக்கிறார்கள். ஏப்ரல் முதல் வாரமே 15எச் கொடுத்துவிடு.

வடுவூர்ப் பொண்ணு | 11 ஆகஸ்ட், இரவு 9:47

ஐயா, எனக்கு வயது 38. 15எச் அறுபது ஆனவர்களுக்குத்தானே?

நாகை பென்ஷனர் | 11 ஆகஸ்ட், இரவு 9:55

ஓ, சரி சரி. அம்மாவுக்கென்று படித்துவிட்டேன். கண்ணாடி மாத்தணும்.

திருவாரூர் தேர் | 11 ஆகஸ்ட், இரவு 10:20

ரொம்ப எளிது சகோதரி. 26ஏஎஸ்ஸில் எது இருக்கிறதோ அதுதான் கணக்கு, சான்றிதழெல்லாம் வெறும் காகிதம். வருமானமெல்லாம் பதிவாகிற உங்கள் ஏஐஎஸ் அறிக்கையைத் திறந்து சம்பளம் எவ்வளவு என்று பாருங்கள். அதில் ஆறு மாதம்தான், அதாவது 5,10,000 இருக்கும். அதையே போட்டுவிடுங்கள். 75,000 நிலைக்கழிவு போனால் 4,35,000. வட்டியைச் சேர்த்தாலும் ஏழு லட்சத்துக்கு ரொம்பக் கீழே, வரி பூஜ்யம். 23,142 + 4,860 = 28,002 முழுசாகத் திரும்பி வரும். என் மச்சானுக்குப் போன வருஷம் இப்படித்தான் போட்டோம், பதினைந்து நாளில் பணம் வந்துவிட்டது.

இல்லையென்றால் கொஞ்சம் பொறுங்கள். மே 31-க்குப் பிறகுதான் 26ஏஎஸ் முழுசாக ஏறும்.

குடந்தை கணக்கர் | 12 ஆகஸ்ட், காலை 6:35

தேர் தம்பி சொன்னதில் மே 31 என்பது சரியான தேதிதான், ஆனால் அது ஜனவரி-மார்ச் காலாண்டுக்கான கெடு. இவர் டிசம்பரிலேயே வேலையை விட்டுவிட்டார். இவருக்குக் குறைவது அக்டோபர்-டிசம்பர் காலாண்டு, அதற்குக் கம்பெனி கணக்குத் தாக்கல் செய்திருக்க வேண்டிய கெடு ஜனவரி 31. இன்றைக்கு ஆகஸ்ட் 12. பொறுத்தால் தானாக ஏறும் என்ற கட்டம் எப்போதோ தாண்டிவிட்டது.

5,10,000 போடுங்கள் என்ற யோசனை வேண்டாம். இவர் வாங்கிய சம்பளம் 7,65,000. அது வங்கிக் கணக்கில் வந்திருக்கிறது. கம்பெனி காட்டாததால் வருமானம் இல்லாமல் போய்விடாது. நாளைக்குக் கம்பெனி திருத்தக் கணக்கு போட்டதும் ஏஐஎஸ்ஸில் சம்பளம் 7,65,000 என்று ஏறும். அப்புறம் வருமானத்தைக் குறைத்துக் காட்டியதாக நோட்டீஸ் இவர் பெயருக்குத்தான் வரும், கம்பெனி பெயருக்கு இல்லை.

இப்போது ஒத்துப்பார்ப்போம். e-filing தளத்தில் உள்ளே போய் இந்த வழியில் 26ஏஎஸ்ஸை எடுங்கள்:

```
e-File > Income Tax Returns > View Form 26AS
```

டிரேசஸ் தளத்துக்குப் போகும். மதிப்பீட்டு ஆண்டு 2025-26 என்று தேர்ந்தெடுங்கள், 2024-25 இல்லை. இதில் தடுக்கி விழுகிறவர்கள் அதிகம். கம்பெனி பெயருக்குக் கீழே பிரிவு 192 என்று மாதவாரியாகப் பதிவுகள் இருக்கும். கூட்டுத்தொகையை விட்டுவிட்டு அந்த மாதப் பதிவுகளை ஒவ்வொன்றாகப் பே ஸ்லிப்போடு வைத்துப் பாருங்கள். 23,142-ஐ 3,857-ஆல் வகுத்தால் சரியாக ஆறு. அப்படியென்றால் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒழுங்காக இருக்கிறது, அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்றும் மொத்தமாக இல்லை. அந்த 11,571-தான் உங்கள் வழக்கு.

ஒரு காலாண்டு முழுசாகக் காணோம் என்றால் இரண்டே காரணம். ஒன்று, கம்பெனி அந்தக் காலாண்டுக் கணக்கையே தாக்கல் செய்யவில்லை. இரண்டு, செய்தார்கள், ஆனால் உங்கள் பெயரை விட்டுவிட்டார்கள் அல்லது பான் எண்ணைத் தப்பாக அடித்துவிட்டார்கள். எது என்று கண்டுபிடிக்க அக்கவுண்டன்டைக் கேட்க வேண்டியதில்லை. உங்களோடு வேலை பார்த்த யாராவது ஒருவரிடம் அவர் 26ஏஎஸ்ஸில் அக்டோபர்-டிசம்பர் இருக்கிறதா என்று கேளுங்கள்.

லெட்டர்ஹெட் சான்றிதழ் படிவம் 16 ஆகாது. அதன் பகுதி ஏ டிரேசஸ்ஸிலிருந்துதான் இறங்கும், சான்றிதழ் எண்ணோடு வரும். தாக்கல் செய்யாத காலாண்டு அதில் ஏறவே ஏறாது. படிவம் 16 கொடுக்க அவர் தயங்குவதற்கு அநேகமாக இதுதான் காரணம்.

பாபநாசம் பாலு | 12 ஆகஸ்ட், காலை 8:05

கணக்கர் சார், ஒரு குறுக்குக் கேள்வி. மாதம் 85,000-க்கு 3,857 எப்படி வந்தது? ஒன்பது மாதச் சம்பளத்துக்கு இவ்வளவு வரி வராதே?

குடந்தை கணக்கர் | 12 ஆகஸ்ட், காலை 8:30

நல்ல கேள்வி பாலு. கம்பெனி பன்னிரண்டு மாதமும் இருப்பார் என்று வைத்துக் கணக்குப் போட்டது. 10,20,000-இல் 75,000 போக 9,45,000. வரி 44,500, செஸ் சேர்த்து 46,280. பன்னிரண்டால் வகுத்தால் 3,857. அவர் நடுவில் விலகியதால் வருமானம் குறைந்தது, பிடித்தது பிடித்தபடி நின்றுவிட்டது. ரீஃபண்ட் என்ற பேச்சே இதனால்தான் வருகிறது. டிசம்பர் சம்பளம் போடும்போது திரும்பக் கணக்கிட்டிருந்தால் அந்த மாதம் ஒரு பைசா பிடிக்க வேண்டியிருந்திருக்காது.

இப்போது உண்மையான வரி. சம்பளம் 7,65,000, நிலைக்கழிவு 75,000. வேலை பார்த்தது ஒன்பது மாதம்தான் என்றாலும் நிலைக்கழிவு முழுசாக உண்டு. மீதி 6,90,000. இதோடு வட்டியைச் சேர்க்க வேண்டும். அம்மா, சேமிப்புக் கணக்கு வட்டி எவ்வளவு? அதற்கு டிடிஎஸ் இல்லை என்பதால் 26ஏஎஸ்ஸில் வராது, ஏஐஎஸ்ஸில் பாருங்கள். வைப்பு வட்டியை எழுதும்போது கணக்கில் வரவான 43,740-ஐ எடுக்காதீர்கள், பிடித்தம் போவதற்கு முந்தைய 48,600-ஐ எடுங்கள்.

வடுவூர்ப் பொண்ணு | 12 ஆகஸ்ட், பகல் 1:15

சேமிப்பு வட்டி 1,400 சார். பாஸ்புக்கிலும் அதேதான். பழைய தோழி ஒருத்தியிடம் கேட்டுவிட்டேன், அவள் 26ஏஎஸ்ஸில் அக்டோபர்-டிசம்பர் இருக்கிறது.

குடந்தை கணக்கர் | 12 ஆகஸ்ட், மாலை 7:10

அப்படியானால் தாக்கல் நடந்திருக்கிறது, உங்கள் பெயர்தான் விடுபட்டிருக்கிறது. பாதிப் பாரம் இறங்கியது.

வட்டி 48,600 + 1,400 = 50,000. மொத்த வருமானம் 7,40,000. வருமானம் ஏழு லட்சத்துக்குள் நின்றிருந்தால் தள்ளுபடியில் வரி பூஜ்யம். சம்பளம் மட்டும் 6,90,000, அது எல்லைக்குள் இருந்தது. வட்டி வந்து 40,000 தாண்ட வைத்துவிட்டது. முதல் ஏழு லட்சத்துக்கு 20,000, மேலே உள்ள 40,000-க்கு 4,000, செஸ் 960. ஆக 24,960.

50,000 வட்டிக்காக 24,960 வரியா என்று வயிறு எரியும்தான். 7,22,000-க்குக் கொஞ்சம் மேல் வரைக்கும் விளிம்புச் சலுகை உண்டு. ஏழு லட்சத்துக்கு மேல் எவ்வளவு போனதோ அதைவிட வரி கூடக் கூடாது என்பது அதன் கணக்கு. உங்கள் 7,40,000 அதையும் தாண்டிவிட்டது.

பிடித்தம் மொத்தம் 34,713 + 4,860 = 39,573. ரீஃபண்ட் 14,613, பத்தின் மடங்காக்கினால் 14,610. ஆனால் 26ஏஎஸ்ஸில் இப்போது உள்ளபடி 28,002 மட்டுமே கிரெடிட் என்றால் ரீஃபண்ட் 3,040-தான். நடுவில் நிற்பது அந்த மூன்று மாதம்.

திருவாரூர் தேர் | 12 ஆகஸ்ட், இரவு 8:02

சரி, சம்பளத்தைப் பற்றி நான் சொன்னது தப்பு என்று வைத்துக்கொள்வோம். ஆனால் 26ஏஎஸ்ஸில் இல்லாத டிடிஎஸ்ஸைக் கேட்கவே முடியாது என்பது சரிதானே?

குடந்தை கணக்கர் | 12 ஆகஸ்ட், இரவு 8:45

பாதி சரி. ரிட்டர்னில் 34,713 என்று எழுதலாம், யாரும் தடுக்கவில்லை. வரித்துறையின் பெங்களூரு மையத்தில் ப்ராசஸ் ஆகும்போது 26ஏஎஸ்ஸோடு ஒத்துப்போகும் அளவுக்குத்தான் கிரெடிட் கொடுத்து மீதியைத் தட்டிவிடுவார்கள்.

சட்டத்தில் பிரிவு 205 இருக்கிறது. சம்பளத்தில் பிடித்த வரியைக் கம்பெனி கட்டாவிட்டால் அதை உங்களிடம் வந்து வசூலிக்கக் கூடாது என்கிறது. 2015-இலும் 2016-இலும் நேரடி வரிகள் வாரியமே அதிகாரிகளுக்கு இதைச் சொல்லிக் கடிதம் அனுப்பியிருக்கிறது. ஆனால் இந்தப் பிரிவு கவசம் மாதிரி, வருகிற டிமாண்டைத் தடுக்கும். கையில் வராத ரீஃபண்டை வாங்கித் தராது. இந்த அம்மாவுக்கு 26ஏஎஸ்ஸில் உள்ள 28,002-ஏ 24,960-ஐவிட அதிகம், டிமாண்ட் வரவே போவதில்லை. அதனால் 205-ஐ வைத்து வாதாடி இவருக்குப் பெரிய பலன் இல்லை. கம்பெனியிடம் திருத்தக் கணக்கு போடவைப்பதுதான் வழி.

அக்கவுண்டன்டிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அக்டோபர்-டிசம்பர் சலானில் 11,571 ரூபாய் யார் பெயருக்கும் ஒதுக்காமல் மீதி இருக்கிறதா? இருந்தால் உங்கள் பெயரில் மூன்று மாதப் பதிவு சேர்த்துத் திருத்தம் போட்டால் முடிந்தது. இல்லையென்றால் உங்களிடம் பிடித்த பணத்தை அரசுக்குக் கட்டவே இல்லை. இனிமேல் மாதம் ஒன்றரை சதவீத வட்டியோடு கட்டிவிட்டுத்தான் திருத்தம் போட முடியும். அதற்கு அவர்கள் இழுப்பார்கள். போனில் கேட்காதீர்கள், மின்னஞ்சலில் கேளுங்கள். டிசம்பர் பே ஸ்லிப்பை இணைத்து அனுப்புங்கள்.

மாயவரம் மீனாட்சி | 13 ஆகஸ்ட், காலை 10:20

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஊரில் நிலம் இருக்கிறதா தங்கச்சி? குத்தகை நெல்லோ பணமோ வருகிறதா? விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்று நான் காட்டாமலே விட்டிருந்தேன், எங்கள் ஆடிட்டர் பிடித்துக்கொண்டார்.

குடந்தை கணக்கர் | 13 ஆகஸ்ட், காலை 11:05

டெல்டாவில் இதை முதலில் கேட்க வேண்டியவன் நான். மீனாட்சி அம்மா சொன்னது சரி. விவசாய வருமானத்துக்கு நேரடியாக வரி இல்லை. ஆனால் ஆண்டுக்கு 5,000-க்கு மேல் இருந்து, மற்ற வருமானமும் மூன்று லட்சத்தைத் தாண்டினால், மற்ற வருமானத்தின் வரி விகிதத்தை அது மேலே தள்ளும். இவருக்கு 40,000 குத்தகை இருந்தால் வரி 2,080 கூடும், ரீஃபண்ட் அந்த அளவுக்குக் குறையும். ஐடிஆர்-1-உம் போட முடியாது, ஐடிஆர்-2 போட வேண்டும்.

வடுவூர்ப் பொண்ணு | 13 ஆகஸ்ட், மாலை 4:30

மூன்று மா நிலம் இருக்கிறது சார், அம்மா பெயரில் பட்டா. குத்தகைப் பணமும் அம்மா கையில்தான் போகிறது. இப்போதுகூடக் குறுவைக்குத் தண்ணி பாய்ச்சுகிற பேச்சுதான் வீட்டில்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 4,00,000 வைப்பு உண்மையில் அம்மாவின் பணம். அவர்களுக்கு வங்கிக்கு நடக்க முடியாது என்று என் பெயரில் போட்டோம். வட்டி 28,800-ஐ அவர்கள் மருந்துச் செலவுக்குத்தான் எடுத்துக்கொடுக்கிறேன். அதை என் கணக்கிலிருந்து எடுத்துவிட முடியுமா?

பாபநாசம் பாலு | 13 ஆகஸ்ட், மாலை 5:12

எடுத்துவிட்டால் வருமானம் 7,11,200. விளிம்புச் சலுகைக்குள் வந்துவிடுகிறாரே சார்! வரி 11,200, செஸ்ஸோடு 11,648. பாதிக்கும் கீழே. அம்மா பணம் அம்மாவுக்குத்தானே?

குடந்தை கணக்கர் | 13 ஆகஸ்ட், இரவு 9:00

கணக்கு சரி பாலு, கணக்கு மட்டும்தான் சரி. பணம் யாருடையதோ வட்டி அவருடையது என்பது கொள்கை. அம்மா மகளுக்குக் கொடுத்துவிட்டார் என்றால் அது அன்பளிப்பு, வட்டி மகளுடையது. மகள் வெறுமனே வைத்திருக்கிறார் என்றால் வட்டி அம்மாவுடையது. இங்கே எது என்று காட்ட ஒரு காகிதமாவது இருக்கிறதா? 4,00,000 அம்மா கணக்கிலிருந்து மகள் கணக்குக்கு வந்த பதிவு இருக்கிறதா?

அப்படியே இருந்தாலும் வட்டிக்கான டிடிஎஸ் 2,880 மகள் பான் எண்ணில் நிற்கிறது. வருமானத்தை அம்மாவிடம் தள்ளினால் கிரெடிட்டும் அங்கேதான் போக வேண்டும். அதற்கு விதி 37பிஏ வழி வைத்திருக்கிறது. முறைப்படி மகள் வங்கிக்கு எழுத்தில் உறுதிமொழி கொடுத்து, வங்கியே அம்மாவின் பான் எண்ணில் காட்ட வேண்டும். அதையெல்லாம் செய்யாமல், ஏழு லட்சத்தைத் தாண்டியதும் ஞாபகம் வந்ததுபோல எடுத்தால் எனக்கு ஒப்பவில்லை.

மாயவரம் மீனாட்சி | 13 ஆகஸ்ட், இரவு 9:25

எங்கள் ஆடிட்டர் வேறு மாதிரி சொல்வார். ஐடிஆர்-2-இல் டிடிஎஸ் அட்டவணையில் மற்றவர் பான் எண்ணுக்குக் கிரெடிட்டை மாற்ற ஒரு பத்தி இருக்கிறது, வங்கிப் பதிவு இருந்தால் தைரியமாகப் போடலாம் என்பார்.

குடந்தை கணக்கர் | 13 ஆகஸ்ட், இரவு 9:41

பத்தி இருப்பது உண்மை. அவர் போடட்டும், விளக்கம் கேட்டால் பதில் சொல்ல அவர் இருக்கிறார். நான் கையெழுத்துப் போடுகிற இடத்தில் போடமாட்டேன்.

வடுவூர்ப் பொண்ணு | 26 ஆகஸ்ட், இரவு 8:50

கொஞ்சம் செய்தி. மின்னஞ்சல் அனுப்பியதும் அக்கவுண்டன்ட் அவரே போன் பண்ணினார். "நீங்க ரிசைன் பண்ணிட்டீங்களே, லிஸ்ட்லேர்ந்து எடுத்துட்டாங்க போல" என்றார். சலானில் மீதி இருக்கிறதாம், திருத்தம் போட்டுவிட்டார்கள். இன்றைக்கு 26ஏஎஸ்ஸில் மூன்று மாதமும் ஏறியிருக்கிறது. வரி 11,571 சரி. ஆனால் சம்பளத் தொகை 2,55,000-க்குப் பதில் 2,25,000 என்று இருக்கிறது! திரும்பவும் போய் நிற்கணுமா?

குடந்தை கணக்கர் | 26 ஆகஸ்ட், இரவு 9:30

வரித் தொகை சரியாக இருப்பதால் கிரெடிட்டுக்குத் தடையில்லை. நீங்கள் 7,65,000 என்றே எழுதுங்கள். 26ஏஎஸ்ஸில் உள்ளதைவிட அதிகமாகக் காட்டுகிறவரைப் பிடித்து யாரும் கேள்வி கேட்பதில்லை. திருத்தச் சொல்லி ஒரு மின்னஞ்சல் மட்டும் போட்டு வையுங்கள், படிவம் 16-உம் அதிலேயே கேளுங்கள். செப்டம்பர் 15 கெடு, கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். வங்கிக் கணக்கு தளத்தில் வேலிடேட் ஆகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள், அது இல்லாமல் ரீஃபண்ட் வராது.

வடுவூர்ப் பொண்ணு | 27 ஆகஸ்ட், காலை 7:20

ரொம்ப நன்றி சார். வட்டி முழுசையும் என் கணக்கிலேயே காட்டி 14,610 கேட்கப் போகிறேன். அம்மா பணம் அனுப்பிய வங்கிப் பதிவைத் தேடினேன், கிடைக்கவில்லை. அப்போது ரொக்கமாகத்தான் கொண்டுபோய்க் கட்டினோம்.

குடந்தை கணக்கர் | 27 ஆகஸ்ட், காலை 7:45

அப்போ விவாதமே இல்லை. அந்த வைப்பு முதிர்ந்ததும் அம்மாவை முதல் பெயராகப் போட்டுப் புதுப்பியுங்கள், நடுவில் உடைக்காதீர்கள், வட்டியில் வெட்டுவார்கள். வயது என்ன அம்மாவுக்கு?

வடுவூர்ப் பொண்ணு | 27 ஆகஸ்ட், காலை 7:52

67 சார்.

குடந்தை கணக்கர் | 27 ஆகஸ்ட், காலை 8:03

இந்த ஏப்ரலிலிருந்து மூத்தவர்களுக்கு ஒரு வங்கியில் ஒரு லட்சம் வட்டி வரை பிடித்தமே இல்லை. 28,800-க்கு 15எச்கூடத் தேவைப்படாது.

நாகை பென்ஷனர் | 27 ஆகஸ்ட், காலை 8:30

அந்த ஒரு லட்சம் ஒவ்வொரு வங்கிக்கும் தனித்தனியா கணக்கர் தம்பி? எனக்கு மூன்று வங்கியில் இருக்கிறது. அப்படியானால் இந்த வருஷம் 15எச் எங்கேயும் கொடுக்காமல் விட்டுவிடலாமா?